வீடு தரத் தாமதிக்கும் பில்டருக்கு எழுதும் கடிதம்: உறுதியான திகதியும் வாடகை நட்டஈடும் கேட்பது எப்படி

மட்டக்களப்பு நாவற்குடாவில் எங்கள் வீட்டை 2024 மார்ச் 15க்குள் தருவதாக ஒப்பந்தத்தில் இருந்தது. திறப்பு கைக்கு வந்தது டிசம்பர் 20. இடையில் கல்லடியில் வாடகை கட்டிக்கொண்டு, வாரம் ஒருமுறை பில்டருக்குப் போன் எடுத்துக்கொண்டு இருந்தோம். "சித்திரை வருடப்பிறப்புக்குள்ள தந்திடுவன் தம்பி" என்றார். பிறகு மாமாங்கத் தீர்த்தத்துக்குள்ள என்றார், பிறகு தீபாவளி. ஒக்டோபரில்தான் எனக்கு உறைத்தது, ஆறு மாதமாக நான் பேசிய ஒரு வார்த்தைகூடக் கடதாசியில் இல்லை என்று. அதன்பிறகு எழுதிய ஒரு கடிதம்தான் வேலையை நகர்த்தியது. அந்தக் கடிதத்தை எப்படிக் கட்டினேன், எங்கே பிழைவிடப் பார்த்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது வளவும் வீடும் சேர்த்து வாங்கும் வகை. பில்டர் ஒரு பெரிய வளவைத் துண்டாக்கி வீடு கட்டி விற்கிறார், நாங்கள் நொத்தாரிசு முன்னால் விற்பனை உடன்படிக்கை எழுதிக் கட்டம் கட்டமாகக் காசு கொடுத்தோம். சொந்த வளவில் கொந்தராத்துக் கொடுத்துக் கட்டுகிறவர்களுக்குச் சில இடங்கள் மாறும், அதைக் கடைசிக்கு முன்னால் சொல்கிறேன்.

முதலில் உடன்படிக்கையில் மூன்று இடங்களைத் தேடுங்கள்

கடிதம் எழுத உட்காருவதற்கு முன்னால் உடன்படிக்கையை எடுத்து, வீடு கையளிக்கும் திகதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திகதி எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலம் அதிகம், ஏனென்றால் இலங்கையில் ஒப்பந்த விடயங்களுக்கு அடிப்படையாக உள்ள ரோமன் டச்சுச் சட்டத்தில், திகதி குறித்த ஒரு கடமை அந்தத் திகதி கடந்ததுமே தவறியதாகிவிடும், நீங்கள் நினைவூட்டியிருக்க வேண்டும் என்றில்லை. திகதியே இல்லாமல் "கூடிய விரைவில்" என்றோ, ஒன்றுமே எழுதாமலோ இருந்தால் கதை வேறு. அப்போது நீங்கள் நியாயமான ஒரு கால அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்ட பிறகுதான் பில்டர் தாமதித்தவராகிறார். அந்த நிலையில் உள்ளவர்கள் பழைய மாதங்களின் வாடகையைக் கேட்டு முதல் கடிதத்தையே கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் கடிதத்தில் திகதியை மட்டும் குறியுங்கள், வாடகை அந்தத் திகதி தவறிய நாளிலிருந்து எண்ணப்படும்.

இரண்டாவது, தாமதத்துக்கு ஏற்கனவே ஒரு தொகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நாளொன்றுக்கு இவ்வளவு, அல்லது மாதத்துக்கு இவ்வளவு என்று சில உடன்படிக்கைகளில் இருக்கும். இருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும், அதற்கு மேலே வாடகையையும் சேர்த்துக் கேட்பது ஒரே நட்டத்தை இரண்டு முறை கேட்பதாகிவிடும். எங்களுடையதில் அப்படி ஒன்றும் இல்லை, அதனால் உண்மையாகக் கட்டிய வாடகையைக் கேட்டோம்.

மூன்றாவது, கால நீடிப்பு வாசகம். "மழை, வெள்ளம், இயற்கை அனர்த்தம், பொருள் தட்டுப்பாடு காரணமான தாமதத்துக்கு விற்பனையாளர் பொறுப்பல்ல" என்ற மாதிரி ஒரு வரி அநேகமாக இருக்கும். பில்டரின் முழுக் கோட்டையும் அந்த வரிதான், ஆனால் அவர் நினைக்கிற அளவுக்கு அது அகலமில்லை. மார்ச்சில் கையெழுத்து வைத்துப் பன்னிரண்டு மாதத்தில் முடிப்பதாகச் சொல்கிறவர், இடையில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வரும் என்று தெரிந்துதான் சொல்கிறார். மட்டக்களப்பில் நவம்பரில் மழை பெய்வது அனர்த்தம் இல்லை, அது காலநிலை. வளவுக்குள்ளே வெள்ளம் நின்று வேலை நின்ற நாட்கள் வேறு, அவற்றைக் கணக்கில் எடுக்கலாம். அதுபோல மணல் பேர்மிட் கிடைக்கவில்லை என்றால் எந்த மாதம், எத்தனை நாள் என்று கேளுங்கள். பூச்சு வேலை முடிந்து டைல்ஸ் மட்டும் மிஞ்சியிருக்கிற வீட்டுக்கு மணல் தட்டுப்பாடு எப்படி ஆறு மாதத் தாமதம் தரும்?

கழித்துக் கொடுக்க வேண்டியதை நீங்களே கழியுங்கள்

இதுதான் நான் கடைசி நேரத்தில் கற்றுக்கொண்டது, என் மச்சான் ஒருவர் சொல்லித்தந்தது. முதல் எழுதிய வரைவில் மார்ச் 16லிருந்தே வாடகை கேட்டிருந்தேன். வாசித்துவிட்டு அவர் கேட்டார்: "நீ மூன்றாவது தவணை பிந்திக் கட்டினாய்தானே?" உண்மைதான். வங்கிக் கடன் வரப் பிந்தியதால் 15 இலட்சத்தை ஏழு நாள் பிந்திக் கட்டியிருந்தேன். 2023 டிசம்பரில் வளவுக்குள் தண்ணீர் நின்று பதினான்கு நாள் வேலை நடக்கவில்லை, அதுவும் பில்டர் அப்போதே வட்ஸ்அப்பில் போட்டோவுடன் அனுப்பியிருந்தார்.

இந்த இரண்டையும் மறைத்தால் பில்டருடைய பதில் கடிதம் முழுக்க அவற்றைப் பற்றியதாகவே இருக்கும், உங்கள் ஆறு மாதம் பின்னால் தள்ளப்படும். நாங்களே கடிதத்தில் 21 நாளைக் கழித்தோம். மார்ச் 15க்குப் பின் 21 நாள் என்றால் ஏப்ரல் 5. ஆக எங்கள் கணக்கு ஏப்ரல் 6இல் தொடங்கியது. மூன்று வாரத்து வாடகையை விட்டுக்கொடுத்ததில் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் அந்த இரண்டையும் வைத்துப் பில்டரால் வாய் திறக்க முடியவில்லை.

வாடகைக் கணக்கு

நட்டஈடு என்பது அவர் தாமதித்ததால் உங்கள் கையிலிருந்து போன காசு. அதனால் கேட்கக்கூடியது, திறப்புக் கிடைத்திருந்தால் கட்டியிருக்கத் தேவையில்லாத வாடகை மட்டும்தான். மின்சாரப் பில், தண்ணீர்ப் பில் எந்த வீட்டிலிருந்தாலும் வரும், அவற்றைச் சேர்க்காதீர்கள். வாடகை வீட்டுக்காரரிடம் கொடுத்த முற்பணம் திரும்ப வரும் காசு, அதுவும் வேண்டாம். இடையில் வசதிக்காகப் பெரிய வீட்டுக்கு மாறியிருந்தால் பழைய வாடகை அளவை மட்டும் கேளுங்கள், மிச்சம் உங்கள் விருப்பத்துக்குச் செய்த செலவு. மன உளைச்சலுக்கு ஐந்து இலட்சம் என்று எழுதச் சொல்லி ஒருவர் ஆலோசனை சொன்னார். அதை எழுதினால் கடிதம் முழுவதும் பேரம் பேசும் கடிதமாக மாறிவிடும், வாடகைக்குக் காட்டும் ஆதாரத்தின் எடையும் குறைந்துவிடும்.

நாங்கள் கல்லடி வீட்டுக்கு 6ஆம் திகதி குடிபோனதால் எங்கள் மாதம் 6 முதல் 5 வரை. ஏப்ரல் 6 முதல் ஜூலை 5 வரை மாதம் 25,000 ரூபாய், மூன்று மாதம், 75,000. ஜூலையில் வீட்டுக்காரர் கூட்டினார், ஜூலை 6 முதல் ஒக்டோபர் 5 வரை மாதம் 28,000, மூன்று மாதம், 84,000. மொத்தம் 159,000 ரூபாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 28,000ஐ முப்பதால் பிரித்து 933 ரூபாய். நாள் கணக்கு முக்கியம், ஏனென்றால் மாதக் கணக்கு மட்டும் இருந்தால் "இந்த மாசக் கடைசிக்குள்ள தாறன்" என்று இழுப்பது இலகு.

இனி ஆதாரம். எங்கள் ஊரில் வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கும் பழக்கம் குறைவு, சில வீட்டுக்காரர்களுக்கு எழுத்தில் கொடுக்கவே விருப்பமில்லை. வங்கி மூலம் அனுப்பியிருந்தால் கணக்குக் கூற்றில் அந்த வரிகளைக் கோடிட்டு எடுங்கள். கையில் கொடுத்திருந்தால், இன்ன வீட்டில் இன்ன திகதியிலிருந்து மாதம் இவ்வளவு வாடகையில் இவர்கள் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் திகதியும் கையெழுத்தும் போட்ட ஒரு சின்னக் கடிதம் வாங்குங்கள். மாத வாடகைக்கு நொத்தாரிசு உறுதி தேவையில்லை, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைகளுக்குத்தான் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அதைக் கேட்கிறது. எனவே உங்களிடம் முத்திரை ஒட்டிய வாடகை ஒப்பந்தம் இல்லை என்று பில்டர் சொன்னால் அதற்குப் பயப்படத் தேவையில்லை. இன்றிலிருந்தாவது வாடகையை வங்கி மூலம் கட்டுங்கள்.

இன்னொரு ஆதாரம் பலர் யோசிப்பதில்லை: நீங்கள் வாடகைக்கு இருப்பது பில்டருக்குத் தெரியும் என்பதற்கான ஆதாரம். இரண்டு தரப்பும் முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய நட்டத்தையே பொதுவாகக் கேட்க முடியும். உடன்படிக்கையில் எங்கள் முகவரியாகக் கல்லடி வாடகை வீடு இருந்தது, அத்துடன் "வாடகை கட்டிக் கட்டி முடியல அண்ணன், எப்ப தருவீங்க" என்று மே மாதம் அனுப்பிய வட்ஸ்அப் இருந்தது. அதற்கு அவர் "விளங்குது தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்று பதில் போட்டிருந்தார். அந்த ஒரு வரியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து இணைத்தேன். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு இப்படியான செய்திகளையும் சாட்சியமாகக் காட்டலாம், ஆனால் போனை மாற்றினால் அழிந்துவிடும், ஆகவே முழு உரையாடலையும் ஒருமுறை ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்கள்.

திகதி கேட்பதென்றால் எதைக் கேட்பது

"உறுதியான திகதி தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் அவர் ஒரு திகதி எழுதுவார், அன்று திறப்பையும் தருவார், உள்ளே போனால் கக்கூசுக்குப் பைப் இல்லை. ஆகவே கையளிப்பு என்றால் என்ன என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். எங்களுக்கு மிச்சமிருந்தது டைல்ஸ், உள்பூச்சுப் பெயின்ற், குளியலறைப் பொருத்துகள், மின்சார இணைப்பு, தண்ணீர் இணைப்பு, அத்துடன் மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ். கடைசியில் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கீகரித்த வரைபடத்தின்படி வீடு கட்டப்பட்டிருக்கிறது என்று உள்ளூராட்சிச் சபை கொடுப்பது அது, பிரதேச சபைப் பகுதியென்றால் பிரதேச சபை கொடுக்கும். அது இல்லாமல் குடியேறினால் நாளைக்கு விற்கவோ கடன் எடுக்கவோ போகும்போது உங்கள் தலையில் விழும்.

அடுத்தது, நீங்களே ஒரு கடைசித் திகதி வையுங்கள், அது நியாயமானதாக இருக்கட்டும். வேலை அறுபது நாளுக்கு இருக்கும்போது பத்து நாள் கொடுத்தால் அந்தத் திகதியை யாரும் மதிக்க மாட்டார்கள், பின்னால் உடன்படிக்கையை ரத்துச் செய்ய வேண்டி வந்தாலும் அந்த அவகாசம் போதாது என்றே சொல்வார்கள். தெரிந்த ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, நாலு பேர் நின்றால் ஆறு கிழமை, மழையிலும் உள்வேலை நடக்கும் என்றார். நாங்கள் எட்டுக் கிழமைக்குக் கிட்டக் கொடுத்தோம்: நவம்பர் 30. அன்றைக்கே வீட்டின் ஒவ்வொரு அறையையும் திகதி தெரியப் போட்டோ எடுத்தோம்.

கடிதம்

நாங்கள் அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி. பெயர், முகவரி, உடன்படிக்கை இலக்கம் வருமிடங்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

> பதிவுத் தபால்
>
> 2024 ஒக்டோபர் 07
>
> ஐயா,
>
> நாவற்குடா வீடு: கையளிப்புத் தாமதமும் வாடகை நட்டஈடும்
>
> 2023.03.15 திகதிய விற்பனை உடன்படிக்கையின்படி மேற்படி வளவையும் வீட்டையும் 2024.03.15 அன்று அல்லது அதற்கு முன் எங்களிடம் கையளிக்க நீங்கள் உடன்பட்டீர்கள். விலை ரூபா 12,000,000. இதில் ரூபா 9,000,000ஐ நாங்கள் இதுவரை செலுத்தியுள்ளோம். மீதி ரூபா 3,000,000 கையளிப்பின்போது செலுத்தப்பட வேண்டியது.
>
> இன்றுவரை வீடு கையளிக்கப்படவில்லை. 2024.10.04 அன்று நாங்கள் பார்வையிட்டபோது முடியாமலிருந்த வேலைகளின் பட்டியலும் படங்களும் இணைப்பு 1இல் உள்ளன.
>
> 2023 டிசம்பரில் வளவினுள் வெள்ளம் நின்றதால் வேலை தடைப்பட்ட 14 நாட்களையும், எங்கள் மூன்றாம் தவணை பிந்திய 7 நாட்களையும் நாங்கள் கணக்கில் எடுத்துள்ளோம். அவற்றைச் சேர்த்தாலும் வீடு 2024.04.05க்குள் கையளிக்கப்பட்டிருக்க வேண்டும்.
>
> இத்தாமதத்தால் நாங்கள் தொடர்ந்து வாடகை வீட்டில் இருக்க நேர்ந்தது. 2024.04.06 முதல் 2024.10.05 வரை நாங்கள் செலுத்திய வாடகை ரூபா 159,000. விபரமும் வங்கிக் கூற்றும் இணைப்பு 2இல் உள்ளன.
>
> ஆகவே பின்வருவனவற்றை இக்கடிதத் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்துமாறு கேட்கிறோம். முதலாவது, இணைப்பு 1இலுள்ள வேலைகள் அனைத்தும் முடிக்கப்பட்டு, மின்சார, நீர் இணைப்புகளுடனும் மாநகர சபையின் இணக்கச் சான்றிதழுடனும் 2024.11.30க்குள் வீடு கையளிக்கப்படும் என்பது. இரண்டாவது, மேற்படி ரூபா 159,000 எங்களுக்குச் செலுத்தப்படும், அல்லது உங்கள் சம்மதத்துடன் இறுதித் தவணையிலிருந்து கழிக்கப்படும் என்பது. மூன்றாவது, 2024.10.06 முதல் கையளிக்கும் நாள்வரை நாளொன்றுக்கு ரூபா 933 வீதம் அவ்வாறே செலுத்தப்படும் அல்லது கழிக்கப்படும் என்பது.
>
> 14 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிடின், அல்லது 2024.11.30க்குள் வீடு கையளிக்கப்படாவிடின், உடன்படிக்கையின் கீழும் சட்டத்தின் கீழும் எங்களுக்குள்ள சகல உரிமைகளையும் பயன்படுத்த நேரிடும். அவ்வுரிமைகள் எதையும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.
>
> இப்படிக்கு,

இதில் சில சொற்கள் வேண்டுமென்றே வைத்தவை. "உங்கள் சம்மதத்துடன் கழிக்கப்படும்" என்பது அவற்றில் ஒன்று. கையில் 30 இலட்சம் இருக்கும்போது நானே கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் நட்டஈட்டுத் தொகை இன்னும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளாத, தீர்ப்பும் இல்லாத தொகை. அப்படிப்பட்டதைத் தன்பாட்டில் கடனோடு ஈடுசெய்ய முடியாது. நீங்கள் குறைத்துக் கட்டினால் "முழுக் காசு தரவில்லை, திறப்புத் தர மாட்டேன்" என்று நிற்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். சம்மதம் எழுத்தில் வந்தால் அதே கழிப்பு பூட்டுப் போட்டதுபோல் உறுதி. அத்துடன் பில்டர்கள் காசாகத் தர மாட்டார்கள், கழிக்கச் சம்மதிப்பார்கள், அவர்களுக்கு அது காசு கொடுத்ததாகவே படுவதில்லை போல.

அதேவேளை முடியாத ஒரு கட்டத்துக்குரிய தவணையை முன்கூட்டிக் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. "டைல்ஸுக்கு ஒரு ஐந்து இலட்சம் தாங்க, உடனே முடிச்சிடுறன்" என்று எங்களிடமும் கேட்டார். கொடுத்திருந்தால் எங்கள் கையிலிருந்த ஒரே பிடியும் போயிருக்கும்.

இன்னொன்று, மேலே "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று தலைப்புப் போடவில்லை. சட்டத்தரணிமார் சமரசப் பேச்சுக் கடிதங்களில் அதைப் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லாக் கடிதத்திலும் போடுகிற பழக்கம் இருக்கிறது. சமரசத்துக்கென்று அப்படி எழுதியதை நீதிமன்றத்தில் காட்ட முடியாமல் போகலாம், நமக்கோ இந்தக் கடிதத்தைக் காட்டத்தான் வேண்டும். "உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை" என்ற கடைசி வரி போதும்.

பொலிஸ், மோசடி, வழக்கு என்ற மிரட்டலும் இல்லை. வீடு பிந்துவது சிவில் விடயம், பொலிஸுக்குப் போனால் அவர்களும் அதைத்தான் சொல்லி அனுப்புவார்கள். ஒரே வளவை இரண்டு பேருக்கு விற்றது மாதிரி ஏமாற்று இருந்தால் மட்டும் அது வேறு கதை.

யாருக்கு, எப்படி அனுப்புவது

உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் யாரோ அவருக்கு, அதில் உள்ள முகவரிக்கு. கம்பனியென்றால் கம்பனியின் பெயருக்கு அதன் பதிவு அலுவலக முகவரிக்கு, தள அலுவலகத்தில் இருக்கும் பொடியனிடம் கொடுத்தால் அது போய்ச் சேர்ந்ததாகாது. பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் துண்டைக் கடிதப் பிரதியின் பின்னால் ஒட்டி வையுங்கள். அன்றைக்கே அதே கடிதத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பிலும் போடுங்கள், நீல டிக் வரும்வரை. தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள், தாராளமாக எழுதலாம், எங்கள் மாகாணத்து நீதிமன்றங்களிலும் தமிழ் நடக்கிறது. அம்பாறைப் பக்கம் சிங்களம் பேசும் பில்டர் என்றால் ஒரு ஆங்கிலப் பிரதியையும் இணைத்துவிடுங்கள், விளங்கவில்லை என்ற சாட்டு வேண்டாம்.

பதில் வராவிட்டால் எழுதியது வீண் என்று நினைக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டு சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கிலிருந்து எங்கள் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு நிலைப்பாடு இருக்கிறது: வியாபார விடயத்தில் ஒருவர் இன்ன நிலைமை உள்ளது என்று கடிதம் எழுதினால், ஒத்துக்கொள்ளாதவர் பதில் எழுத வேண்டும். சும்மா இருந்தால் அந்த மௌனம் அவருக்கு எதிராகப் பேசலாம். இது இரண்டு பக்கமும் வெட்டும். "நீங்கள் வரைபடத்தை மாற்றச் சொன்னதால்தான் தாமதம்" என்று அவர் உங்களுக்கு எழுதினால், அன்றைக்கே மறுத்து எழுதுங்கள்.

அதன்பிறகு நடந்தது

மூன்றாம் நாள் போன் வந்தது. "என்ன தம்பி, நாங்க சொந்தக்காரர் மாதிரிப் பழகினம், லெட்டர் எல்லாம் போட்டிருக்கீங்க?" எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. அவர் நவம்பர் கடைசிக்குள் முடியும் என்றும் வாடகையில் ஏதோ பார்த்துச் செய்கிறேன் என்றும் சொன்னார். போனை வைத்ததும் வட்ஸ்அப்பில் எழுதினேன்: "அண்ணன், இப்ப போனில் நவம்பர் 30க்குள் கையளிப்பதாகவும் வாடகையில் ஒரு தொகை கழிப்பதாகவும் சொன்னீர்கள். தொகையைக் கடிதத்தில் உறுதிப்படுத்துங்கள்." அவர் மறுக்கவில்லை. போனில் பேசிய ஒவ்வொன்றையும் இப்படி எழுத்தாக்கிவிடுங்கள்.

பதினொராம் நாள் கடிதம் வந்தது. 30ஆம் திகதியை ஒத்துக்கொண்டார், வாடகைக்கு 125,000 தருவதாகச் சொன்னார், 30க்குப் பிறகு நாளுக்கு 933 கழிக்கலாம் என்றார். ஒக்டோபர் 6 முதல் நவம்பர் 30 வரையான நாட்களையும் விட்டுவிடும்படி கேட்டார். யோசித்துப் பார்த்தோம். 159,000இல் 34,000 குறைகிறது, அதோடு இரண்டு மாதத்துக்குக் கிட்டிய வாடகையும் போகிறது. ஆனால் நவம்பர் 30க்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் கையெழுத்தோடு காசாகிறது. அதுதான் எங்களுக்கு வேண்டியது, ஒத்துக்கொண்டோம். நொத்தாரிசிடம் கொண்டுபோய் முதல் உடன்படிக்கைக்குப் பின்னிணைப்பாக எழுதி இருவரும் கையெழுத்திட்டோம், காணி சம்பந்தமான உடன்படிக்கையை வெறும் கடிதத்தால் மாற்ற நினைப்பது நல்லதல்ல.

இப்படி இணங்கி வராவிட்டால் அடுத்தது மத்தியஸ்த சபை. எங்களுடையது போன்ற சிறிய தொகைகளுக்கு அங்கே போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் எடுக்காமல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைக்க முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்டால் உங்கள் பகுதிச் சபை எங்கே, எப்போது கூடுகிறது என்று சொல்வார்கள், செலவு என்று பெரிதாக இல்லை. அங்கே கொண்டுபோக வேண்டியதும் இதே கடிதமும் இணைப்புகளும்தான். எழுத்திலான உடன்படிக்கை மீது வழக்கு வைக்க ஆறு வருடம் இருக்கிறது, வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம்தான்.

சொந்த வளவில் கொந்தராத்துக் கொடுத்தவர்களுக்கு

உங்களுக்கு வளவு உங்களுடையது, ஆகவே திறப்புப் பிரச்சினையைவிட வேலையை முடிக்காமல் விட்டுப்போவதுதான் பெரிய பயம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் அநேகமானோர் ஒரு பாஸோடு வாய்ப்பேச்சில் சதுர அடிக்கு விலை பேசிக் கட்டுகிறார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் கடிதத்தின் முதல் பந்தியில், இன்ன நாளில் இன்ன விலைக்கு இத்தனை மாதத்தில் என்று பேசினோம், இதுவரை இவ்வளவு கொடுத்தோம் என்று எழுதுங்கள், அவர் மறுக்காவிட்டால் அதுவே ஒப்பந்தத்தின் எழுத்துச் சான்றாக உதவும். அச்சிட்ட கட்டுமான ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள் தாமதக் கட்டணம் என்ற பகுதியை முதலில் பாருங்கள், அதில் நாளொன்றுக்கு ஒரு தொகையும் மொத்தத்துக்கு ஓர் உச்ச வரம்பும் இருக்கும். அப்போது வாடகைக் கணக்குக்குப் பதில் அந்தத் தொகையை நாட்களால் பெருக்கி எழுதுங்கள்.

எங்கள் வீடு நவம்பர் 30க்கும் முடியவில்லை. மின்சார இணைப்புப் பிந்தியது. டிசம்பர் 20 காலை திறப்பை வாங்கினோம். டிசம்பர் 1 முதல் 19 வரை 19 நாள், நாளுக்கு 933, ஆக 17,727. அதோடு 125,000 சேர்த்து 142,727. இறுதித் தவணை 30 இலட்சத்திலிருந்து அதைக் கழித்து 2,857,273 ரூபாயை வங்கி மூலம் அனுப்பினேன். பில்டர் கணக்கைத் தன் போனில் இரண்டு முறை பெருக்கிப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, பால் காய்ச்சுறதுக்குச் சொல்லுங்க" என்றார்.